பாக்கி வித்தியாசமும் மார்ச் முடிவும்: ஸ்டேட்மெண்டை எப்படி அனுப்புவது?

*"ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கிறோம், அப்பா காலத்திலிருந்து. காரைக்குடி காண்ட்ராக்டர் ஒருவருக்கு இரண்டு வருஷமாகக் கல் போகிறது. எங்கள் கணக்குப்படி அவர் தர வேண்டியது, அவர் சொல்வதைவிட ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூட நிற்கிறது. ஸ்டேட்மெண்ட் அனுப்பினேன். 'எங்க கணக்குல இவ்வளவு இல்லியே தம்பி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மார்ச் முடிய மூன்று வாரம்தான். எதை, எப்படி அனுப்பினால் தீரும்? பழகிய இடம், சண்டை வேண்டாம்."*

நீங்கள் அனுப்பியது எது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பட்டறைகளிலிருந்து ஸ்டேட்மெண்ட் என்ற பேரில் போவது, பணம் வராத பில்களின் பட்டியல். இந்தத் தேதி, இந்த பில், இவ்வளவு பாக்கி, கடைசியில் ஒரு கூட்டுத்தொகை. அதை வைத்துக்கொண்டு அவருடைய கணக்கர் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கொடுத்த பணத்தை நீங்கள் எந்த பில்லில் கழித்தீர்கள், எதைக் கழிக்கவே இல்லை என்பது அந்தத் தாளில் தெரியாது. அவரிடம் இருப்பது உங்கள் பேரில் உள்ள பேரேட்டுப் பக்கம். அதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்கள் பேரேட்டுப் பக்கம்தான் வேண்டும். டாலியில் என்றால் `Display More Reports > Account Books > Ledger` போய் அவர் பேரை எடுத்து, `Alt+F2` அழுத்திக் காலத்தை மாற்றுங்கள். பாக்கி பில் பட்டியல் `Statements of Accounts > Outstandings` பக்கம் இருக்கும். அதுவும் பின்னால் வேண்டும், ஆனால் முதலில் போக வேண்டியது அது இல்லை.

காலம் எங்கிருந்து? ஏப்ரல் 1 என்று எல்லோரும் போடுவார்கள். நான் அப்படிப் போட மாட்டேன். இரண்டு பேரும் கடைசியாக "சரி, இவ்வளவுதான்" என்று ஒத்துக்கொண்ட நாள் எதுவோ அங்கிருந்து எடுங்கள். உங்களுக்கு அப்படி ஒரு நாளே இல்லையென்றால் முதல் பில்லிலிருந்து எடுங்கள், இரண்டு வருஷம்தானே. போன வருஷத் தகராறு இந்த வருஷத்து ஆரம்ப இருப்பு என்ற ஒரே வரிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த வரியைப் பிரிக்காமல் கீழே எத்தனை டிக் போட்டாலும் கணக்கு ஒத்துவராது.

அடுத்தது, யாருக்கு அனுப்புவது. முதலாளியின் வாட்ஸப்புக்கு மட்டும் அனுப்பினால் அவர் கடைசித் தொகையைப் பார்ப்பார், முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அவருடைய கணக்கரின் மெயிலுக்கு அனுப்பி, முதலாளிக்கு ஒரு நகல் போடுங்கள். பிடிஎஃப்போடு எக்செல் கோப்பும் சேர்த்து அனுப்பினால் அந்தக் கணக்கர் மனசுக்குள் உங்களை வாழ்த்துவார். அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன். நம் பக்கத்தில் பழகிய மனிதருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கணக்குத் தாள் போனால், பணம் கேட்டு நோட்டீஸ் விட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். "அண்ணே, பணத்துக்குக் கேக்கல, மார்ச்சுக்குள்ள ரெண்டு பேர் ஏடும் ஒண்ணா இருக்கட்டும்னுதான். உங்க ஏட்டுப் பிரதியையும் அனுப்பச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். கடைசி வாக்கியம்தான் இதில் முக்கியம். உங்கள் தாளை அவர் சரிபார்ப்பார் என்று காத்திருந்தால் ஏப்ரல் வந்துவிடும். அவருடைய தாள் உங்கள் கைக்கு வந்துவிட்டால் வேலையை நீங்களே முடித்துவிடலாம்.

இதே மாதிரி ஒரு வழக்கு போன வருஷம் எங்களிடம் வந்தது. கணக்கு எழுதக் கொடுத்திருக்கும் பட்டறை ஒன்று, கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்த காண்ட்ராக்டருக்குக் கல் கொடுத்திருந்தது. பட்டறை ஏட்டில் வர வேண்டியது 4,86,350. காண்ட்ராக்டர் ஏட்டில் கொடுக்க வேண்டியது 3,20,150. வித்தியாசம் 1,66,200. பட்டறைக்காரர் வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். "ஒண்ணரை லட்சத்த முழுங்கப் பாக்குறாங்க" என்றார். இரண்டு தாள்களையும் மேசையில் விரித்தோம்.

ஒப்பிடும்போது தேதியை வைத்துத் தேடாதீர்கள், தொகையை வைத்துத் தேடுங்கள். நீங்கள் பில் போட்ட தேதிக்கும் அவர் ஏட்டில் ஏற்றிய தேதிக்கும் பத்து நாள் இடைவெளி இருக்கும். தொகை மாறாது. உங்கள் பற்றில் உள்ளது அவருடைய வரவில் இருக்க வேண்டும், உங்கள் வரவில் உள்ளது அவருடைய பற்றில். ஒத்துப்போனதற்கெல்லாம் பென்சில் டிக். டிக் விழாமல் நிற்பவைதான் உங்கள் பிரச்சினை. அன்றைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட வரிகளில் டிக் விழாமல் நின்றவை ஐந்தாறுதான். சண்டை எல்லாக் கணக்கிலும் இருப்பதாகத் தோன்றும். விரித்துப் பார்த்தால் விரல்விட்டு எண்ணுகிற வரிகளில்தான் இருக்கும்.

முதல் வரியே ஒத்துவரவில்லை. ஏப்ரல் 1 ஆரம்ப இருப்பில் 40,000 வித்தியாசம். பட்டறைக்காரர் "இங்கயே ஆரம்பிச்சுட்டாங்க" என்றார். ஆனால் நாலு வரி கீழே, பட்டறை ஏட்டில் ஏப்ரல் 4 அன்று ஒரு 40,000 வரவு. காண்ட்ராக்டர் ஏட்டில் அதே காசோலை மார்ச் 30 தேதியில் பற்று. அவர் எழுதிக் கொடுத்த நாள் அது, இவருக்குப் பணம் வந்து ஏறிய நாள் இது. ஆக, ஆரம்ப இருப்பில் உள்ள வித்தியாசம் முடிவு இருப்புக்கு வந்து சேரவில்லை. இதை முதலிலேயே அடித்துவிட்டால் அரை மணி நேரச் சண்டை மிச்சம்.

அடுத்தது 75,000. காண்ட்ராக்டர் ஏட்டில் அக்டோபரில் பட்டறைக்குக் கொடுத்ததாக இருக்கிறது, பட்டறை ஏட்டில் இல்லை. வங்கித் தாளை எடுத்துப் பார்த்தால் பணம் வந்திருக்கிறது, ஆனால் அனுப்பியவர் பேர் வேறு. வீட்டுச் சொந்தக்காரர் காண்ட்ராக்டருக்காக நேராகப் பட்டறைக்கே அனுப்பியிருக்கிறார். பட்டறையில் கணக்கு ஏற்றும் பையன் தெரியாத பேராக இருக்கிறதே என்று அந்தச் சொந்தக்காரர் பேரில் புதுக் கணக்கு ஒன்று திறந்து முன்பணம் என்று போட்டுவிட்டான். பட்டறைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது. இது முழுக்க இவர் பக்கத் தப்பு. திருத்துவதற்கு ஒரு ஜர்னல் போதும். ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பணம் தன் பாக்கிக்காக வந்ததுதான் என்று காண்ட்ராக்டரிடமிருந்து ஒரு வரி மெயில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இல்லாவிட்டால் நாளைக்குச் சொந்தக்காரரே வந்து "என் முன்பணம் எங்கே" என்று கேட்கலாம்.

மூன்றாவது 1,200. சின்னத் தொகை, ஆனால் ஏறக்குறைய எல்லா ஏட்டிலும் வரும். கல் பதித்துக் கொடுத்ததற்குப் பட்டறை தனியாகக் கூலி பில் போட்டிருந்தது, வரி நீங்கலாக 1,20,000. காண்ட்ராக்டர் அதில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டு மீதியை அனுப்பினார். பட்டறை ஏட்டில் வந்த பணம் மட்டும் ஏறியிருக்கிறது, பிடித்தது பாக்கியாகவே நிற்கிறது. `26AS` எடுத்துப் பார்த்தால் இவர் பான் எண்ணில் ஏறியிருக்கும், அதை வைத்து ஏட்டில் சரிசெய்துவிடலாம். ஒன்று கவனியுங்கள்: ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டிடிஎஸ்ஸுக்கு அவர் விவரத் தாக்கல் செய்யக் கெடு மே 31. அதனால் மார்ச்சில் பார்க்கும்போது அது அங்கே ஏறியிருக்காது. இல்லை என்பதற்காக அவர் பிடிக்கவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

நான்காவது 48,600. இது இவர் ஏட்டில் இருக்கிறது, அவர் ஏட்டில் இல்லை. டிசம்பரில் வளவுக்கும் பட்டாலைக்கும் போன லோடு. கல் நேராக வேலை நடக்கும் இடத்தில் இறங்கிவிட்டது, பில் டிரைவரிடமே தங்கிவிட்டது போல. காரைக்குடி ஆபீசுக்கு அந்தக் காகிதம் போகவே இல்லை. இங்கே வாய்ப்பேச்சு தேவையில்லை. இறக்கிய இடத்தில் மேஸ்திரி கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான் நகலை அனுப்பி, "உங்கள் டிசம்பர் மாத `GSTR-2B`யில் எங்கள் பில் வந்திருக்கும், பாருங்கள்" என்று ஒரு வரி எழுதினோம். நீங்கள் உங்கள் விற்பனை விவரத்தை ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால், நீங்கள் சொல்லாமலேயே பில் எண்ணும் தொகையும் அவர் பக்கத்தில் அதில் தெரியும். மறுநாளே அந்தக் கணக்கர் "ஆமா சார், பில் வராமக் கெடக்குதுன்னு குறிச்சு வச்சிருந்தேன்" என்றார். ஒருவேளை அவருக்கு அதில் வரவில்லையென்றால் பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணை விட்டுவிட்டீர்களா, தப்பாகப் போட்டீர்களா என்று உங்கள் பக்கம் தேடுங்கள்.

இதுவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடைசி இரண்டுதான் நிஜத் தகராறு.

ஒன்று, அளவு. முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் பத்தங்குலக் கல் 1,800 சதுரடி போயிருக்கிறது. வரியோடு சதுரடி 120 ரூபாய். காண்ட்ராக்டர் ஏட்டில் ஏற்றியது 1,650 சதுரடிக்கு. தரையை அளந்தால் அவ்வளவுதான் வருகிறது என்றார். வித்தியாசம் 150 சதுரடி, 18,000 ரூபாய். உங்கள் தொழிலில் இது ஓயாத வழக்கு, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை உங்களுக்கு: பட்டறை கொடுத்த கல்லுக்கு பில் போடும், வாங்கியவர் பதித்த தரைக்குப் பணம் தருவார். நடுவில் ஓரத்துக்கு வெட்டிய துண்டு, தூணைச் சுற்றி வெட்டியது, மிச்சம் அடுக்கிவைத்தது எல்லாம் யார் கணக்கு?

இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது. சதுரடியை விட்டுவிட்டுக் கல் எண்ணிக்கைக்கு வாருங்கள். பத்தங்குலக் கல் சதுரடிக்கு 1.44 வரும். போனது 2,592 கல், பதித்தது 2,376 கல். 216 கல்லுக்கு விடை தெரிந்தால் போதும். இரண்டு பேரும் கானாடுகாத்தானுக்குப் போனார்கள். பின்கட்டில் தாழ்வாரத்து ஓரமாக, வைக்கோலுக்கு நடுவில், 72 கல் நல்லபடியாக அடுக்கி இருந்தது. எண்ணிப் பார்க்கும்வரை காண்ட்ராக்டருக்கே அது தெரியாது. அந்த 72 கல், அதாவது 50 சதுரடி, 6,000 ரூபாய் மதிப்புள்ளது, பட்டறை திரும்ப எடுத்துக்கொண்டது. மற்ற 144 கல் வெட்டுச் சேதம், ஆர்டரில் சேதாரம் வாங்குபவர் பொறுப்பு என்று எழுதியிருந்தது. அந்த 12,000-ஐ அவர் ஏற்றுக்கொண்டார். அப்படி எழுதியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த ஆர்டரில் நீங்கள் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, உடைசல். பன்னிரண்டங்குல பார்டர் கல் 180 உடைந்து வந்ததாகச் சொல்லி, கல் 130 ரூபாய் வீதம் 23,400-க்கு காண்ட்ராக்டர் டெபிட் நோட்டுப் போட்டிருந்தார். அது பட்டறைக்கு வந்த மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது, யாரும் ஏட்டில் ஏற்றவில்லை. சலான் நகலைத் தேடி எடுத்தோம். பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் மேஸ்திரி எழுதியிருந்தார்: "உடைசல் 60." கீழே டிரைவர் கையெழுத்து. அப்படியானால் 60 கல், 7,800 ரூபாய், பேச்சே இல்லை, பட்டறை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற 120 கல்லுக்கு இறக்கிய அன்று ஒரு குறிப்பும் இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் டெபிட் நோட்டு வருகிறது. இறக்கிய பிறகு அங்கேயே உடைந்ததா, வண்டியில் உடைந்ததா, யாருக்குத் தெரியும்? 15,600 ரூபாய் அப்படியே தகராறாக நின்றது.

நிற்கட்டும். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதைத்தான். மார்ச் 31-க்குள் எல்லா வித்தியாசத்தையும் தீர்த்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒத்துக்கொண்டது எது, ஒத்துக்கொள்ளாதது எது என்று பிரித்து, இரண்டையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். முழுத் தொகைக்கும் கையெழுத்துக் கேட்டால் 15,600-க்காக மற்ற மூணே முக்கால் லட்சத்தையும் அவர் நிறுத்திவைப்பார். பிரித்துக் கேட்டால் பெரிய பகுதியை மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.

பட்டறை ஏடு 4,86,350-லிருந்து 75,000, 1,200, அப்புறம் கிரெடிட் நோட்டாக 6,000, 7,800 கழிந்து 3,96,350-க்கு வந்தது. காண்ட்ராக்டர் ஏடு 3,20,150-லிருந்து 48,600-ம் 12,000-ம் ஏறி 3,80,750-க்கு வந்தது. நடுவில் நிற்பது அந்த 15,600 மட்டும். பிறகு போன கடிதம் ஏறக்குறைய இப்படி:

> ஐயா, வணக்கம். 20-ஆம் தேதி வரை தங்கள் கணக்கை இரு தரப்பு ஏடுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தோம். தாங்கள் எங்களுக்குத் தர வேண்டியதில் இருவரும் ஒத்துக்கொண்ட தொகை ரூ. 3,80,750. பார்டர் கல் 120 உடைசல் குறித்த ரூ. 15,600 மட்டும் பேச்சில் உள்ளது. அது இந்த ஒப்புதலில் சேரவில்லை, அதில் இரு தரப்பின் உரிமையும் அப்படியே இருக்கும். பில் வாரியான விவரமும் ஒப்பீட்டுத் தாளும் இணைத்துள்ளோம். ஒத்துக்கொண்ட தொகையை உறுதிசெய்து, கீழே தேதியிட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கையெழுத்து ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், காலவரையறைச் சட்டம். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் காலம். கடன் தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து, பேசாவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் காலம் முடியும் முன் அவர் "ஆமாம், இவ்வளவு தர வேண்டும்" என்று எழுத்தில் கையெழுத்துப் போட்டால், 18-ஆம் பிரிவுப்படி அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம். காலம் முடிந்த பிறகு வாங்கிய கையெழுத்துக்கு இந்தப் பலன் கிடையாது. உங்களுக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதனால் பயமில்லை. ஆனாலும் பழைய பில் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல ஸ்டேட்மெண்ட்களின் அடியில் "ஏழு நாளில் பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வோம்" என்று அச்சடித்திருக்கும். போட்டால் தப்பில்லை. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். அவர் பேசாமல் இருந்தது அவர் கையெழுத்து ஆகிவிடாது.

இதே பொறி உங்கள் பக்கமும் உண்டு. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ அவருடைய ஆடிட்டருக்காக ஒரு தாள் உங்களுக்கு வரும். "எங்கள் ஏட்டின்படி உங்களுக்குத் தர வேண்டியது 3,20,150, உறுதிசெய்து அனுப்பவும்" என்று இருக்கும். வேலை மும்முரத்தில் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டு, பிறகு 4,86,350 கேட்டுப் போனால் உங்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டுவார்கள். அந்தத் தாளில் "எங்கள் ஏட்டின்படி இவ்வளவு, வித்தியாச விவரம் இணைப்பில்" என்று கையால் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கிரெடிட் நோட்டுக்கு வருகிறேன். உடைசலுக்கும் திரும்பி வந்த கல்லுக்கும் ஜிஎஸ்டியோடு கிரெடிட் நோட்டுப் போட வேண்டியது விற்ற நீங்கள். அவர் அனுப்பும் டெபிட் நோட்டு ஒரு கோரிக்கைக் காகிதம் மட்டுமே, அதை வைத்து உங்கள் வரி குறையாது. உங்கள் நோட்டால் உங்கள் வரி குறைய வேண்டுமென்றால் அவர் எடுத்திருக்கும் உள்ளீட்டு வரி வரவை அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். ஆகவே நோட்டை அனுப்பும்போதே அவர் கணக்கரிடம் சொல்லிவிடுங்கள். கெடு, சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, ஆண்டு விவரத்தை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாள். அதனால் தகராறில் நிற்கும் தொகைக்கு மார்ச் 31 ராத்திரி அவசர அவசரமாக கிரெடிட் நோட்டுப் போட்டு விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒத்துக்கொண்டதற்கு மட்டும் இந்த வருஷத் தேதியிலேயே போட்டுவிடுங்கள், இரண்டு ஏடும் ஒரே வருஷத்தில் ஒத்துப்போகும்.

நீங்கள் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் உங்கள் கையில் ஒரு துருப்பு உண்டு. சிறுதொழில் சட்டப்படி, வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தவறிய தொகை வருஷ முடிவிலும் பாக்கியாக நின்றால், அதைத் தரும்வரை அவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. 43பி(எச்) என்று ஆடிட்டர்கள் மார்ச்சில் புலம்புவது இதைத்தான். வாங்கி விற்கிற கடைக்காரர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, கல்லை நீங்களே செய்வதால்தான் உங்களுக்கு. அதே சிறுதொழில் சட்டத்தில், சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்று இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வந்த அந்த 120 கல் டெபிட் நோட்டுக்கு எதிராகப் பட்டறைக்காரர் கையில் இருந்த கனமான வாதம் அதுதான். ஆனால் கடிதத்தில் நாங்கள் பிரிவு எண் எதுவும் போடவில்லை. பதிவு எண்ணைத் தாளின் தலைப்பில் அச்சடித்தோம், அவ்வளவுதான். அவருடைய ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துகொள்வார். பழகிய இடத்தில் சட்டத்தை நீங்கள் வாயால் சொல்வதைவிட அவருடைய ஆள் அவரிடம் சொல்வது நல்லது.

உங்கள் மூன்று வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே போன், நாளைக்குள் பேரேட்டுப் பிரதி போக வேண்டும். நாலு நாளில் அவருடைய பிரதி வராவிட்டால் மெயிலை எதிர்பார்க்காமல் நேரில் போய் அவர் ஆபீஸ் கணினியில் எடுத்து வாங்கி வாருங்கள். ஒப்பீடு ஒரு நாள் வேலை. வேலை நடந்த இடத்துக்குப் போக ஒரு நாள். இருபது, இருபத்திரண்டாம் தேதிக்குள் கடிதம் கையில் இருந்தால் பணம் அனுப்ப அவருக்கும் ஒரு வாரம் கிடைக்கும். பணம் வரும்போது எந்தெந்த பில்லுக்கு என்று கேட்டு, டாலியில் வரவு போடும்போது `Against Ref` கொடுத்து அந்த பில்லோடு சேர்த்துவிடுங்கள். `On Account` என்று பொதுவில் போட்டு வைத்தது பழைய பில்லைப் பாக்கியாகவே காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் முதல் ஸ்டேட்மெண்ட் அவருக்குப் பிடிபடாமல் போனதற்கு இதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அவர் பிரதியே தராமல், கடிதத்துக்கும் பதில் சொல்லாமல் இழுத்தால்? அப்போது அதே கடிதத்தையும் ஒப்பீட்டுத் தாளையும் ஸ்பீடு போஸ்டில் அவருடைய ஜிஎஸ்டி முகவரிக்கு அனுப்பி, ரசீதையும் சேர்ந்த விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். குறு, சிறு தொழில்களுக்கான வசதி மன்றத்தில் மனுப் போடும் வழி அப்புறமும் திறந்துதான் இருக்கும். ஆனால் அது நட்பு முடிகிற வழி, இரண்டு மூன்று முறை நேரில் போய்ப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

காரைக்குடிப் பக்கம் வயதான கணக்குப்பிள்ளைகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கடல் தாண்டிய கடைகளிலிருந்து ஐந்தொகை ஊருக்கு வந்த காலத்துக் கதைகளைச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரிடம் இந்த மாதிரி வித்தியாசத்தைக் காட்டினால் முதலில் கேட்பது "தொகை எவ்வளவு" என்று இருக்காது, "சிட்டை எங்கே" என்றுதான் இருக்கும். எங்கள் வழக்கிலும் 7,800-ஐத் தீர்த்தது அந்தச் சலானின் பின்பக்கம்தான். உங்கள் பட்டறையில் சலான் நகல்கள் எங்கே கிடக்கின்றன என்று இன்றைக்கே தேடச் சொல்லுங்கள். சிமெண்டு மூட்டைக்கு அடியில் இல்லாமல் இருந்தால் சரி.

அந்த 15,600 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒத்துக்கொண்ட தொகையில் மூன்று லட்சம் மார்ச் 29-ல் வந்தது, மீதி ஏப்ரலில். உடைசல் பேச்சு மே மாதம் வரை இழுத்தது. கடைசியில் அடுத்த வீட்டு ஆர்டரில் பார்டர் கல் அறுபதைப் பட்டறை விலையில்லாமல் தருவது, மற்ற அறுபதுக்கு அவர் பணம் தருவது என்று ஒரு டீக்கடையில் முடிந்தது. பட்டறைக்காரர் என்னிடம் வந்து அதை எப்படி ஏட்டில் எழுதுவது என்று கேட்டார். அது தனிக் கதை.